ஓவராயிலுக்கு 250 ரூபாயா, 900 ரூபாயா? அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா

பொன்மலைக்காரி | 4 ஜூன் 2023, இரவு 9.12

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. சாவி கொடுக்கிற வகை, 17 கல். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் கையில் இருந்தது. 2006இல் ஓய்வு பெற்றார், அதற்குப் பிறகு பீரோவில்தான் கிடந்தது. போன வாரம் எடுத்துச் சாவி கொடுத்தேன், ஓடுகிறது. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்குகிறது. காலை ஏழு மணிக்கு முழுச் சாவி கொடுத்தால் மறுநாள் விடிவதற்குள் நின்றுவிடுகிறது.

திருச்சியில் இரண்டு கடையில் கேட்டேன். இருவரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள், "ஓவராயில் பண்ணணும்." முதல் கடையில் 250 ரூபாய், ஒரு மணி நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது கடையில் 900 ரூபாய், இரண்டு வாரம் ஆகும், உள்ளே எதையாவது மாற்ற வேண்டியிருந்தால் அதற்குத் தனிக் காசு. ஆயில் போட எதற்கு இரண்டு வாரம்? இரண்டாவது ஆள் அதிகம் கேட்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலத்துமாம்பழம் | 4 ஜூன் 2023, இரவு 9.40

900 ரொம்ப அதிகம். என் டைட்டன் நின்றுபோனபோது 150 ரூபாயில் பேட்டரி மாற்றிக் கொடுத்தார்கள், பத்து நிமிட வேலை. முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

பொன்மலைக்காரி | 4 ஜூன் 2023, இரவு 9.44

இதில் பேட்டரி கிடையாது. சாவி கொடுத்தால் ஸ்பிரிங் சுருளும், அது பிரிகிற விசையில் ஓடும்.

நேரம்தவறாதவர் | 4 ஜூன் 2023, இரவு 10.30

முதல் கடைக்கே கொடுங்கள். என் அண்ணன் கடை வைத்திருந்தவர், சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பின்மூடியைத் திறந்து, மெஷினை அப்படியே வெளியே எடுத்து, சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி முக்கி ஆட்டுவார். அழுக்கெல்லாம் கிண்ணத்தின் அடியில் தங்கும். காய்ந்ததும் கல்லுக்குக் கல் ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். வாட்ச் ஜோராக ஓடும்.

ஆனால் ஒன்று, இதை 2, 3 வருடத்துக்கு ஒருமுறை செய்தே ஆக வேண்டும். சீக்கோ கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. விட்டால் மெஷின் போச்சு.

கண்லூப் | 5 ஜூன் 2023, காலை 6.15

மதுரையில் 31 வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குழப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஓவர்ஹால் என்பதைத்தான் நம் பக்கம் ஓவராயில் ஆக்கிவிட்டோம். பஸ் எஞ்சினுக்கும் அதே சொல்தான், கைக்கடிகாரத்துக்கும் அதே சொல்தான். காதில் ஆயில் என்று விழுவதால் எண்ணெய் போடுகிற வேலை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். எண்ணெய் போடுவது அதில் கடைசிப் பகுதி. முழு வேலை என்பது மொத்தத்தையும் கழற்றி, ஒவ்வொன்றையும் தனியாகக் கழுவி, பார்த்து, திரும்பப் பூட்டி, சோதிப்பது. ஜனதா மாதிரி தேதி காட்டாத எளிய மெஷினிலேயே திருகுகளையும் சேர்த்து ஐம்பது அறுபது துண்டு வரும். 250 ரூபாய்க்கு அதை யாராலும் செய்ய முடியாது. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, அவர் சொல்கிற வேலையே வேறு. மேலே தம்பி எழுதியிருக்கிறாரே, பெட்ரோலில் முக்கி எடுப்பது, அதுதான் அது.

முக்கினால் ஓடுமா? ஓடும். அதனால்தான் பல பேர் அதை நம்புகிறார்கள். ஆனால் இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீலின் அச்சு முனை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன், தலைமுடி அளவுதான். அது கல்லின் துளைக்குள் நிற்கிறது. வெளிப்பக்கத்தில் இன்னொரு கல் மூடியாக இருக்கும். பழைய எண்ணெய் அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் பிசின் மாதிரி இறுகிக் கிடக்கும், கூடவே தேய்ந்த உலோகத் தூளும். மொத்தமாக முக்கும்போது பெட்ரோல் அங்கே போய் அதை இளக்கும், ஆனால் வெளியே கொண்டுவராது. பெட்ரோல் ஆவியானதும் அதே அழுக்கு அதே துளையில் படியும். அதன்மேல் புது எண்ணெய் போட்டால் தூளும் எண்ணெயும் சேர்ந்து அரைக்கிற பசையாகிவிடும். ஆறு மாதம், எட்டு மாதம் நன்றாக ஓடும். அந்த நாட்களில்தான் அச்சு தேய்கிறது.

இன்னொன்று, முக்கியபோது மெயின் ஸ்பிரிங் இருக்கிற டப்பாவைத் திறக்கவே இல்லையே. அதற்குள் இருக்கிற காய்ந்த கிரீஸ் அப்படியே இருக்கும். உங்கள் வாட்ச் விடியும் முன் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நேரம்தவறாதவர் | 5 ஜூன் 2023, காலை 8.02

அண்ணே, 2, 3 வருடத்துக்கு ஒருமுறை முக்கினால் அந்த அழுக்கு சேரவே சேராது இல்லையா? என் அண்ணன் வாடிக்கையாளர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

கண்லூப் | 5 ஜூன் 2023, மதியம் 1.20

அடிக்கடி முக்கினால் அழுக்கு குறையும், உண்மைதான். உங்கள் அண்ணன் காலத்து எண்ணெயும் சீக்கிரம் காய்கிற வகை, அதனால் 2, 3 வருடம் என்ற கணக்கும் அன்றைக்குச் சரி. இன்றைக்கு நல்ல மேசைகளில் புழங்குவது செயற்கை எண்ணெய். அது இருந்த இடத்திலேயே பல வருடம் நிற்கும். சீக்கோ 2, 3 வருடம் என்று போடுகிறது, ரோலெக்ஸ் ஏறக்குறைய 10 வருடம் என்கிறது. இரண்டும் இயந்திர வாட்ச்தான். இதிலிருந்தே தெரியவில்லையா, காலண்டரை மட்டும் வைத்து முடிவு செய்கிற விஷயமில்லை இது.

தினமும் கட்டுகிற சாவி வாட்ச்சுக்கு 5, 6 வருடம் என்று நான் சொல்வேன். நடுவில் வருடம் ஒருமுறை டைம்கிராஃபரில் வைத்துப் பார்த்தால் போதும், திறக்கவே வேண்டியதில்லை.

பொன்மலைக்காரி | 5 ஜூன் 2023, இரவு 9.05

டைம்கிராஃபர் என்பது மைக் மாதிரி ஒன்றில் வாட்ச்சை வைப்பார்களே, அதுவா? இரண்டாவது கடையில் வைத்துப் பார்த்தார். திரையில் இருந்ததைப் படம் எடுத்து வந்திருக்கிறேன். டயல் மேல்நோக்கி, முழுச் சாவி: ஒரு நாளைக்கு 142 விநாடி பின்தங்கல், ஆம்ப்ளிட்யூட் 181, பீட் எரர் 2.6. எது முக்கியம்?

கண்லூப் | 5 ஜூன் 2023, இரவு 9.50

நடு எண். பேலன்ஸ் வீல் நடு நிலையிலிருந்து ஒரு பக்கம் எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதுதான் ஆம்ப்ளிட்யூட். முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி, இந்த வகைப் பழைய மெஷினில் 260க்கு மேல் இருந்தால் எனக்குத் திருப்தி. 200க்குக் கீழே போனால் உள்ளே எங்கோ விசை வீணாகிறது: காய்ந்த எண்ணெய், அழுக்கு, சோர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த அச்சு, இதில் ஒன்று அல்லது எல்லாம். 181 என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

142 விநாடி பின்தங்கல் தனி நோய் இல்லை. பின்னால் இருக்கிற நெம்பைக் கொஞ்சம் தள்ளி எவரும் அதைச் சரிக்கட்டிவிடலாம். 250 ரூபாய்க் கடையில் அதுதான் நடந்திருக்கும். நேரம் சரியாகிவிடும், 181 அப்படியே இருக்கும்.

பீட் எரர் என்பது டிக்குக்கும் டாக்குக்கும் நடுவிலுள்ள இடைவெளி சமமாக இல்லாதது. 2.6 மில்லிவிநாடி அதிகம்தான், ஆனால் அது அவசரமில்லை.

900 கேட்டவர் மெஷினில் வைத்துக் காட்டினார் இல்லையா? அவரிடம் கொடுங்கள்.

கோவைமணி | 6 ஜூன் 2023, காலை 7.30

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், செலவு பற்றிப் பேச்சு வந்ததால். என்னுடையது சுவிஸ் ஆட்டோமேடிக், திருமணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்தது. எட்டு வருடம் ஆனதும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டேன், 28,000 ரூபாய் என்றார்கள். வேறு வழி தெரியாமல் கொடுத்தேன். மெஷின் நன்றாகத் திரும்பி வந்தது, அதில் குறை இல்லை. ஆனால் கேட்காமலே கேஸை பாலிஷ் போட்டுவிட்டார்கள். கூர்மையாக இருந்த விளிம்பெல்லாம் சோப்புக் கட்டி மாதிரி மழுங்கிவிட்டது. அது இனி திரும்பாது. மாமனார் பார்த்ததும் "இது நான் வாங்கினதா?" என்று கேட்டார்.

இப்போது இரண்டாவது முறை தனி ஆளிடம் கொடுத்தேன், 9,500. அதே வேலைதான் செய்திருக்கிறார், ரப்பர் வளையம் மாற்றித் தண்ணீர்ச் சோதனையும் செய்து கொடுத்தார். எங்கே கொடுத்தாலும் "கேஸ் பாலிஷ் வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஜனதாவின் மெல்லிய கேஸுக்கு இது இன்னும் முக்கியம்.

தோபாயோ | 6 ஜூன் 2023, மாலை 6.45

சிங்கப்பூரிலிருந்து. 2003இல் முஸ்தஃபாவில் வாங்கிய சீக்கோ 5, உள்ளே 7எஸ்26 மெஷின். பத்தொன்பது வருடம் ஒருமுறைகூடத் திறந்ததில்லை, தினமும் கையில். போன வருடம் ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பின்தங்கத் தொடங்கியது. முழு ஓவர்ஹாலுக்கு 150 வெள்ளி கேட்டார். அதே ஆள் இன்னொரு வழியும் சொன்னார்: மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது என்எச்36 வைக்கலாம், கூலியோடு 100 வெள்ளி. டயல் அப்படியே பொருந்தும், கூடவே கையால் சாவி கொடுக்கிற வசதியும் கிடைக்கும். மாற்றிவிட்டேன். 2, 3 வருடம் என்று கையேடு சொன்னபடி செய்திருந்தால் ஆறு தடவை 150 ஆகியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கண்லூப் | 6 ஜூன் 2023, இரவு 8.10

தோபாயோ தம்பி, உங்கள் கணக்கு உங்கள் வாட்ச்சுக்குச் சரி. புது மெஷின் கடையில் கிடைக்கிற வரைக்கும் ஓடவிட்டு மாற்றலாம், அதில் தப்பில்லை. ஜனதாவுக்கு அப்படிச் செய்ய முடியாது. பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் பிரிவை 2016இல் மூடிவிட முடிவெடுத்தார்கள். இன்றைக்கு உதிரி என்றால் பழைய இருப்பு, இல்லாவிட்டால் இன்னொரு ஜனதாவைப் பிரித்து எடுப்பது. நிற்கிற வரைக்கும் ஓடவிட்டால் அச்சும் சக்கரமும் தேய்ந்துவிடும், பிறகு இன்னொரு வாட்ச்சைக் கொன்றுதான் இதைக் காப்பாற்ற வேண்டும்.

தோபாயோ | 6 ஜூன் 2023, இரவு 9.00

எச்.எம்.டி. லட்சக்கணக்கில் ஓடிய வாட்ச் அண்ணே. பிரித்து எடுக்க இன்னும் ஏராளம் கிடக்கிறது. நான் என்றால் நிற்கிற வரை ஓடவிட்டுத்தான் பார்ப்பேன்.

கண்லூப் | 6 ஜூன் 2023, இரவு 9.15

கிடப்பதில் பாதி ஏற்கனவே தேய்ந்தது. நம் இருவரின் கணக்கும் ஒத்துப்போகாது, விடுங்கள்.

பொன்மலைக்காரி | 10 ஜூன் 2023, மாலை 5.30

இரண்டாவது கடையிலேயே கொடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பார்த்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பின்மூடியைத் திறந்ததும் உள்பக்கத்தில் ஊசியால் கீறிய சின்ன எழுத்துகள் தெரிந்தன. லூப்பைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்: 5/84, 2/91, 8/97, 3/04. ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்தவரும் தேதி போட்டிருக்கிறார்கள். அப்பா இதை எங்கேயும் கொடுத்ததே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒருமுறை கொடுத்திருக்கிறார்.

அடுத்து, மெஷினை எடுப்பதற்கு முன் சாவித் தண்டைக் கழற்ற ஒரு திருகை ஒரு சுற்றுதான் தளர்த்தினார். முழுக்கக் கழற்றினால் அடியில் இருக்கிற நெம்பு விழுந்துவிடும், பிறகு டயலைக் கழற்றாமல் திரும்பப் பூட்ட முடியாதாம். முட்களை எடுக்கும்போது டயல்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்தார். பிறகு ஸ்பிரிங்கின் விசையை முழுக்க இறக்கினார். சாவியை விரலில் பிடித்துக்கொண்டு, பூட்டுப் பல்லைக் குச்சியால் விலக்கி, மெதுவாகப் பிரியவிட்டார். "இதை இறக்காம, சக்கரத்தை ஒவ்வொரு பல்லா விடுற ஃபோர்க்கைத் தூக்கினா எல்லாச் சக்கரமும் ஒரே நொடியில் சுத்தி, பல்லு உடையும்" என்றார். பேலன்ஸ் வீலை அதன் பாலத்தோடு தூக்கியபோது நான் மூச்சை நிறுத்திவிட்டேன். முடி மாதிரி மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கி ஆடியது.

அதோடு அன்றைக்கு அனுப்பிவிட்டார். மற்றதெல்லாம் கழுவிப் பார்த்த பிறகு.

கண்லூப் | 10 ஜூன் 2023, இரவு 7.40

அந்தத் திருகு விஷயத்தை வைத்தே சொல்கிறேன், நல்ல கை. இன்னொன்றைக் கவனித்தீர்களா, சாவிப் பக்கத்துப் பெரிய பல் சக்கரம் இரண்டில் ஒன்றின் திருகு பெரும்பாலும் இடம்புரியாக இருக்கும். தெரியாதவர்கள் வழக்கம்போல் திருப்பித் தலையை முறித்துவிடுவார்கள். பழைய எச்.எம்.டி.க்களில் முறிந்த தலையை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

தேதிகள் நல்ல செய்தி. ஆனால் தேதி போட்டவர்கள் முழுசாகக் கழற்றினார்களா, முக்கினார்களா என்பது தேதியை வைத்துத் தெரியாது.

பொன்மலைக்காரி | 16 ஜூன் 2023, இரவு 8.55

கடைக்காரர் கூப்பிட்டார். கழுவியதும் இரண்டு குறை தெரிந்ததாம். மெயின் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து மேசையில் போட்டால் எஸ் வடிவத்தில் விரிய வேண்டுமாம், இது சுருண்டு சின்ன வட்டமாகவே கிடந்தது. மாற்ற வேண்டும், 250. மூன்றாம் சக்கரத்தின் ஒரு முனை அச்சில் வளையமாகத் தேய்ந்த கோடு இருந்தது, லூப்பில் எனக்கே தெரிந்தது. பழைய மெஷின் ஒன்றிலிருந்து சக்கரம் போடுகிறார், 200.

என் சந்தேகம் இது: 2006இலிருந்து பீரோவில்தானே கிடந்தது. ஓடாத வாட்ச்சில் அச்சு எப்படித் தேயும்?

கண்லூப் | 16 ஜூன் 2023, இரவு 10.05

கிடந்த இடத்தில் தேயாது. எண்ணெய் மட்டும் காயும். 2004க்கு முன்னால் தேய்ந்திருக்கும். 97க்கும் 2004க்கும் நடுவில், அல்லது ஒரு முறை யாரோ முக்கி மட்டும் கொடுத்திருப்பார்கள்.

பொன்மலைக்காரி | 18 ஜூன் 2023, மதியம் 12.10

திருத்தம். அம்மாவிடம் கேட்டேன். பீரோவில் சும்மா கிடக்கவில்லையாம். ஓய்வுபெற்ற பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து, துடைத்து, முழுச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்ப வைப்பாராம். "ஓடிக்கிட்டே இருந்தாதான் எண்ணெய் உறையாது" என்பாராம். 2019இல் அவர் போகும் வரை அப்படித்தான்.

கண்லூப் | 18 ஜூன் 2023, மதியம் 2.30

அப்படியென்றால் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். 2004இல் போட்ட எண்ணெய் 2010, 2012 வாக்கில் காய்ந்திருக்கும். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் ஒரு நாள் என்று ஏழெட்டு வருடம் காய்ந்த அச்சில் ஓடியிருக்கிறது. மூன்றாம் சக்கரம் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் இருப்பது, பாரம் அதிகம், முதலில் தேய்வது அந்தப் பக்கம்தான்.

அப்பா சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தக் காலத்து எண்ணெய் அசையாமல் கிடந்தால் பசையாகும், ஓடவிட்டால் கொஞ்சம் இளகும். ஆனால் ஓடவிடுவதால் எண்ணெயின் ஆயுள் கூடாது. நீண்ட நாள் வைக்கப்போகிற வாட்ச்சுக்கு இரண்டு வழிதான்: சாவி கொடுக்காமல் அப்படியே வைத்துவிட்டு, மறுபடி கட்டுவதற்கு முன் சர்வீஸ் செய்வது, அல்லது கட்டிக்கொண்டே இருந்து நேரத்துக்குச் சர்வீஸ் செய்வது.

ஆனால் தங்கச்சி, அவர் ஞாயிறுதோறும் அதை எடுத்துக் காதில் வைத்ததைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 200 ரூபாய்ச் சக்கரம்தானே.

நேரம்தவறாதவர் | 18 ஜூன் 2023, மாலை 4.00

நானும் என் அண்ணன் சொல்லி இரண்டு வாட்ச்சுக்கு வாராவாரம் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கடைசியாகத் திறந்தது 2008. இன்றோடு நிறுத்துகிறேன்.

பொன்மலைக்காரி | 24 ஜூன் 2023, இரவு 9.30

இன்று பூட்டுவதைப் பார்த்தேன், மூன்று மணி நேரம். கழுவுகிற மெஷினிலிருந்து வந்த பிறகும் ஒவ்வொரு கல்லின் துளையிலும் கூராக்கிய மரக்குச்சியை விட்டுத் திருகினார். முனையில் கறுப்பு வந்தது. குச்சியைச் சீவி மறுபடி விட்டார். வெள்ளையாக வரும் வரைக்கும் அதேதான். ஃபோர்க்கை மட்டும் ஆல்கஹாலில் ஊறப்போடவில்லை. அதன் இரண்டு கற்களை அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறார்களாம், ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும்.

எண்ணெய் மூன்று வகை, கூட ஒரு கிரீஸ். வேகமாகச் சுற்றுகிற மெல்லிய அச்சுகளுக்குத் தண்ணீர் மாதிரி ஒன்று. மெதுவாகச் சுற்றுகிற, பாரம் தாங்குகிற இடங்களுக்குக் கெட்டியானது. ஃபோர்க்கின் கல் எஸ்கேப் சக்கரத்தைத் தொடுகிற முகத்துக்கு வேறொன்று. சாவிப் பக்கத்துக்குக் கிரீஸ். சக்கரங்களின் பல்லில் எங்குமே போடவில்லை, ஃபோர்க்கின் அச்சிலும் போடவில்லை. நான் தையல் மெஷின் மாதிரி எல்லா இடத்திலும் விடுவார் என்று நினைத்திருந்தேன்.

பேலன்ஸ் வீலின் மூடிக் கல்லை அதிர்ச்சி தாங்கும் சின்ன ஸ்பிரிங்கோடு தனியாக எடுத்து, ஒரு துளி வைத்து, லூப்பைக் கொடுத்தார். கல்லின் நடுவில் அழகான வட்டம், கல்லில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வட்டம் விளிம்பைத் தொட்டால் எண்ணெய் வெளியே ஊர்ந்துவிடுமாம், ரொம்பச் சின்னதாக இருந்தால் சீக்கிரம் காயுமாம்.

கண்லூப் | 24 ஜூன் 2023, இரவு 10.20

இந்த வட்டத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். முக்கி எடுத்தவரால் இந்தக் கல்லைத் தொடவே முடியாது.

சேலத்துமாம்பழம் | 25 ஜூன் 2023, காலை 9.10

இப்போதுதான் புரிகிறது, நான் முதலில் தப்பாகச் சொல்லிவிட்டேன். என் டைட்டனுக்கும் இப்படிச் செய்ய வேண்டுமா?

கண்லூப் | 25 ஜூன் 2023, காலை 9.45

குவார்ட்ஸில் சக்கரங்கள்மேல் பாரம் மிகக் குறைவு. பேட்டரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தால் மட்டும் காட்டுங்கள். மற்றபடி, தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள், கசிந்தால் சர்க்யூட் போய்விடும்.

பொன்மலைக்காரி | 8 ஜூலை 2023, இரவு 8.20

வாட்ச் வீட்டுக்கு வந்துவிட்டது. பூட்டிய பிறகும் பத்து நாள் அவரிடமே இருந்தது, தினமும் சாவி கொடுத்து, வேறு வேறு நிலையில் வைத்துப் பார்த்திருக்கிறார். கேட்டதும் தாளில் எழுதிக் கொடுத்தார்.

முழுச் சாவி, டயல் மேல்நோக்கி: 9 விநாடி முந்தல், ஆம்ப்ளிட்யூட் 268, பீட் எரர் 0.9. சாவி கீழ்நோக்கி: 6 விநாடி பின்தங்கல், 241. இருபத்துநாலு மணி நேரம் கழித்து, டயல் மேல்நோக்கி: 14 விநாடி முந்தல், 232. சாவி கொடுக்காமல் விட்டால் 41 மணி நேரம் ஓடியது.

செலவு: சர்வீஸ் 900, மெயின் ஸ்பிரிங் 250, மூன்றாம் சக்கரம் 200, புதுக் கண்ணாடி 150. மொத்தம் 1,500. பழைய ஸ்பிரிங்கையும் சக்கரத்தையும் சின்னக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். பின்மூடிக்குள் 7/23 என்று கீறியிருக்கிறாராம்.

கோவைமணி | 8 ஜூலை 2023, இரவு 9.00

1,500க்கு இந்த வேலை என்றால் குறைவு. ஆனால் இப்போது இணையத்தில் 1,200க்கு "முழு சர்வீஸ் செய்த ஜனதா" என்று விற்கிறார்களே, பளபள புது டயலோடு?

கண்லூப் | 8 ஜூலை 2023, இரவு 9.35

டயலை மறுபடி பெயின்ட் அடித்து, பல வாட்ச்சின் உறுப்புகளைக் கலந்து பூட்டியவை அவற்றில் நிறைய. சர்வீஸ் செய்தது என்று சொன்னால் ஆம்ப்ளிட்யூட் காட்டும் படத்தைக் கேளுங்கள், பின்மூடி திறந்த படத்தையும் கேளுங்கள். திருகுகளின் பள்ளம் சிதைந்திருந்தால், பாலத்தின்மேல் எண்ணெய் பரவிப் பளபளத்தால், வாங்காதீர்கள். எங்கே சர்வீஸ் கொடுத்தாலும் இதே பரிசோதனைதான்.

பொன்மலை, 0.9 பீட் எரரைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். இன்னும் குறைக்க ஹேர் ஸ்பிரிங்கின் கழுத்தைத் திருக வேண்டும், அந்த வயதான ஸ்பிரிங்கில் நானும் அதைத் தொட்டிருக்கமாட்டேன். மெயின் ஸ்பிரிங்கைக் கட்டாயம் மாற்றத்தான் வேண்டுமா என்பதில் எங்கள் தொழிலிலேயே இரு கட்சி உண்டு. உங்களுடையது வட்டமாகக் கிடந்தது என்றீர்கள், அதில் கேள்வியே இல்லை.

பொன்மலைக்காரி | 19 பிப்ரவரி 2024, இரவு 9.25

ஏழு மாதம் தினமும் கட்டிய பிறகு எழுதுகிறேன். போன வாரம் திடீரென்று ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் முந்த ஆரம்பித்தது. சர்வீஸ் கெட்டுவிட்டது என்று பயந்து ஓடினேன். கடைக்காரர் திறக்கவே இல்லை, ஒரு சின்னக் காம்பஸை வாட்ச் பக்கத்தில் பிடித்தார், முள் ஆடியது. காந்தம் ஏறியிருந்தது. ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வேகம் கூடுகிறதாம். காந்தம் இறக்கும் பெட்டியில் வைத்து எடுத்தார், சரியாகிவிட்டது. காசு வாங்கவில்லை. இரவில் புளூடூத் ஸ்பீக்கர் மேல் வைத்துவந்திருக்கிறேன், இப்போது இடத்தை மாற்றிவிட்டேன்.

மெஷினில் வைத்தும் பார்த்தார்: டயல் மேல்நோக்கி 262.

நேரம்தவறாதவர் | 19 பிப்ரவரி 2024, இரவு 10.10

என் இரண்டு வாட்ச்சில் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். ஆம்ப்ளிட்யூட் 168 வந்தது. மற்றதில் பேலன்ஸ் அச்சே முறிந்திருக்கிறதாம், அதற்கு உதிரி தேடுகிறார். கண்லூப் அண்ணே, 1972 ஃபாவர் லூபா, உங்களிடம் ஏதாவது கிடக்கிறதா?

கண்லூப் | 20 பிப்ரவரி 2024, காலை 6.05

பின்மூடியைத் திறந்து, பேலன்ஸ் வீலுக்கு அடியில் தட்டில் பொறித்திருக்கும் மெஷின் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாட்ச் பெயரை வைத்து உதிரி தேட முடியாது.